திருத்தமும் திரிப்பும்: புகைப்படத்தில் தோலின் நிறம்

புகைப்படம் பொய் சொல்லாது என்னும் நம்பிக்கை நம்மவர் உள்ளத்தில் வேரூன்றிக் கிடக்கிறது. ஓவியன் தன் விருப்பம்போல் வரைவான். காமிராவோ எதிரில் இருப்பதை அப்படியே பிடித்துத் தரும் என்பது பலருடைய எண்ணம். மனிதனுடைய தோலின் நிறத்தைப் பொறுத்தமட்டில் இந்நம்பிக்கை சரித்திரத்தின் முன் நில்லாது. புகைப்படக் கலை தோன்றிய நாள் முதலாகத் தோலின் நிறத்தைத் தகடும் மாற்றியிருக்கிறது. மனிதன் கையும் மாற்றியிருக்கிறது. அம்மாற்றங்களுள் சில நேர்மையானவை; சில வஞ்சகமானவை. கருவி செய்த பிழையை நீக்கிக் கண் கண்டதை மீட்டுத் தருவது திருத்தம். கண் காணாத ஒன்றைக் கண்டதுபோல் காட்டி நம்பவைப்பது திரிப்பு. இரண்டும் ஒரே கருவியால், ஒரே கைத்திறனால் செய்யப்படுகின்றன என்பதே இதிலுள்ள சங்கடம்.

தகட்டின் குறை

1851-ஆம் ஆண்டில் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் கொலோடியன் என்ற பசையைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். அடுத்த முப்பது ஆண்டுகளாக உலகெங்கும் பெரும்பாலும் அம்முறையே வழங்கிற்று. அத்தகடு நீல நிறத்தையும் ஊதா நிறத்தையும் மட்டுமே நன்றாக உணர்ந்தது. மஞ்சளும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருளேயாகும். ஆகவே நீல வானம் வெறும் வெள்ளையாகப் பதிந்தது. சிவப்புச் சேலை கறுப்புச் சேலையாயிற்று.

மாநிறமும் கருநிறமும் உடைய மக்களின் தோலிலிருந்து திரும்பி வரும் ஒளியில் மஞ்சளும் சிவப்புமே மிகுதி. அவ்வொளியைத் தகடு காணாமையால், அம்மக்கள் நேரில் இருந்ததைக் காட்டிலும் கறுத்துப் பதிந்தனர். வெள்ளையரும் முற்றும் தப்பவில்லை. அவர்கள் முகத்திலிருந்த மெல்லிய செம்புள்ளிகள் மைப்பொட்டுகள்போல் தெரிந்தன. அக்காலத்துப் படங்களைக் காட்டி, "நம் முன்னோர் இத்துணைக் கறுப்பாகவா இருந்தனர்?" என்று வினவுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். அங்கே தெரியும் கறுப்பில் ஒரு பகுதி தோலினுடையது. மற்றொரு பகுதி தகட்டினுடையது. 1873-இல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்னும் ஜெர்மானிய அறிஞர், சில சாயங்களைப் பூச்சில் கலந்தால் தகடு பிற நிறங்களையும் உணரும் என்று கண்டறிந்தார். சிவப்பு உட்பட எல்லா நிறங்களையும் உணரும் தகடு 1906-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது.

தகட்டின் குறையை ஈடுசெய்யக் கையே முதலில் முன்வந்தது. நெகட்டிவில் வெளிச்சமும் இருளும் இடம் மாறி நிற்கும் என்பது யாவரும் அறிந்ததே. அதில் முகம் இருக்கும் இடத்தில் கூரிய பென்சிலால் மெல்லத் தேய்த்தால், அந்தக் கரித்தூள் ஒளியைத் தடுக்கும்; அச்சிட்ட படத்தில் அவ்விடம் வெளுக்கும். மெல்லிய கத்தியால் பூச்சைச் சுரண்டினால் ஒளி அதிகமாகப் புகும், அவ்விடம் கறுக்கும். பரந்த இடத்தை வெளுக்கச் செய்யச் செஞ்சாயத்தை நீரில் கரைத்துத் தூரிகையால் தடவுவர். 1855-இல் பாரிஸ் கண்காட்சியில் மியூனிக் நகரத்து ஹான்ஃப்ஸ்டெங்கல் என்பவர், இவ்வாறு திருத்துவதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒரே படத்தை அருகருகே வைத்துக் காட்டியபோது மக்கள் வியந்தனர். தகடு இல்லாமலே உண்டாக்கிய புள்ளியைப் பென்சிலால் அழித்தது திருத்தம். அதே பென்சில் கருநிறப் பெண்ணின் கன்னத்தை மாநிறமாக்கிய போது அது திரிப்பாயிற்று.

ஷெர்லி அட்டை

வண்ணப் படச்சுருள் வந்த பின் இக்குறை ஒழிந்திருக்க வேண்டும். ஆனால் வேறு உருவில் தொடர்ந்தது. வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்கு அமெரிக்கக் கோடாக் கம்பெனி ஒரு மாதிரி அட்டையை அனுப்பி வந்தது. அதில் வெண்ணிற மாது ஒருத்தி அமர்ந்திருப்பாள். முதலில் அவ்வாறு அமர்ந்தவள் பெயர் ஷெர்லி. ஆகவே பின்வந்த அட்டைகளுக்கும் அப்பெயரே நிலைத்தது. அவளுடைய தோல் சரியாகத் தெரியும்வரை இயந்திரத்தைத் திருப்பிவிட்டு, அதே அளவில் எல்லோருடைய படங்களையும் அச்சிட்டார்கள். வெண்ணிறத் தோல் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் திருப்பியனுப்பும்; மிகக் கறுத்த தோல் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகவே அனுப்பும். இருவகைப் பிள்ளைகளும் சேர்ந்து நின்ற பள்ளிக்கூடப் படத்தில் ஒருவன் முகம் தெளிவாயிருக்க, மற்றவன் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன.

தாய்மார் முறையிட்டனர். எனினும் கம்பெனி விழித்தெழக் காரணமாயிருந்தது அவர்கள் குரலன்று என்று கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் லோர்னா ராத் 2009-இல் எழுதிக் காட்டினார். தங்கள் விளம்பரங்களில் கருமரமும் வெளிர்மரமும் வேறுபட்டுத் தெரியவில்லை என்று மேசை நாற்காலி செய்வோரும், சாக்லேட் வகைகள் ஒன்றுபோல் தெரிகின்றன என்று மிட்டாய் செய்வோரும் புகார் செய்தார்களாம்; அதன் பின்னரே படச்சுருள் இருளின் நுட்பங்களையும் பதியுமாறு சீர்செய்யப்பட்டது. மனிதன் முகத்திற்குக் கிடைக்காத நியாயம் மரப்பலகைக்குக் கிடைத்தது!

இந்நிலையில் கருநிற முகத்தை வெளிச்சமாக்குவது பொய்யா? அன்று. முகத்தருகே வெள்ளைத் துணியோ அட்டையோ பிடித்து ஒளியைத் திருப்புவதும், கறுத்த முகத்திற்குத் தக்கவாறு வெளிச்ச அளவை வைப்பதும், இருட்டறையில் அச்சிடும்போது அம்முகத்தின்மேல் சிறு அட்டையை அசைத்துச் சில விநாடிகள் ஒளியைத் தடுப்பதும் நேர்மையான வழிகளே. இவற்றால் முகம் வேறு நிறமாவதில்லை. மறைந்திருந்த நெற்றிச் சுருக்கமும் கன்னத்தின் மேடும் வெளிப்படுகின்றன. புதிதாக விவரம் தெரிகிறதா, இருந்த விவரம் அழிகிறதா என்று பார்ப்பதே இங்கு முதற் சோதனை.

1994-ஆம் ஆண்டின் இரு அட்டைப்படங்கள்

திரிப்புக்குச் சாட்சி கிடைப்பது அரிது. மூலப் படம் ஒருவர் பெட்டிக்குள் கிடக்கும். மாற்றியதே ஊரெங்கும் திரியும். ஆனால் ஒருமுறை சாட்சியும் திரிப்பும் ஒரே கடையில் ஒரே நாளில் தொங்கின.

அமெரிக்கக் காற்பந்து வீரரும் நடிகருமான ஓ. ஜே. சிம்சன், தம் முன்னாள் மனைவியையும் அவருடைய நண்பர் ஒருவரையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1994 ஜூன் 17-இல் பிடிபட்டார். லாஸ் ஏஞ்சலிஸ் போலீசார் எடுத்த படம் பத்திரிகைகள் யாவற்றிற்கும் கிடைத்தது. ஜூன் 27 தேதியிட்ட "டைம்", "நியூஸ்வீக்" என்னும் இரு வாரப் பத்திரிகைகளும் அதையே அட்டையில் இட்டன. நியூஸ்வீக்கில் படம் போலீசார் கொடுத்தபடியே இருந்தது. டைம் அட்டையிலோ சிம்சனின் முகம் பல படி கறுத்து, விளிம்புகள் இருளில் கரைந்து, கைதி எண் பலகையும் சிறுத்துக் காணப்பட்டது. இரண்டையும் அருகருகே கண்ட மக்களுக்கு விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கறுப்பின மக்களின் தலைவர்களும் பத்திரிகையாளர் பலரும் வெகுண்டனர்.

இப்படம் மேட் மஹூரின் என்னும் ஓவியரின் கைவேலை. உட்பக்கத்தில் சிறிய எழுத்தில் அது "புகைப்பட ஓவியம்" என்று குறிக்கப்பட்டிருந்தது. அட்டையில் அக்குறிப்பு இல்லை. அடுத்த வாரம் பத்திராதிபர் ஜேம்ஸ் கெயின்ஸ் வாசகருக்கு எழுதிய கடிதத்தில், தமக்கோ ஓவியருக்கோ இன வேற்றுமை எண்ணம் இல்லையென்றும், சாதாரணப் போலீஸ் படத்தைக் கலையாக உயர்த்தவே முயன்றதாகவும் கூறினார். கறுப்பு மிகுந்தால் கொடுமை மிகுந்ததாகும் என்று கருதுவதுதான் இனவெறி எனலாமே என்றும் வாதித்தார். பிறர் மனம் புண்பட்டிருந்தால் வருந்துவதாகவும், இது மாற்றப்பட்ட படம் என்பது உடனே தெரியாமற் போனதே குறையென்றும் எழுதினார்.

அவர் உள்ளத்தில் தீய எண்ணம் இல்லையென்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் இந்நிகழ்ச்சி நமக்கு மிகுதியும் பயன்படுகிறது. அவரை நெருக்கியது எது? எல்லாப் பத்திரிகைகளிடமும் இருந்த படத்தையே தாமும் இடவேண்டியிருந்தது. தொலைக்காட்சி முன்னரே யாவற்றையும் காட்டிவிட்டது. வேறுபட்ட அட்டை வேண்டும். அதில் துயரமும் அச்சமும் தோன்ற வேண்டும். அச்சத்தைக் காட்டக் கை நாடியது கறுப்பையே! பகைமை இல்லாமலே பழக்கம் அவ்வேலையைச் செய்து முடித்தது. அன்று விசாரணை தொடங்கவுமில்லை. 1995 அக்டோபர் 3-இல் ஜூரிகள் அவரைக் குற்றவாளியல்லர் என்றனர். 1997-இல் உரிமை வழக்கில் அவரே பொறுப்பாளி எனத் தீர்ப்பாயிற்று. தீர்ப்பு எதுவாயினும் அவர் முகத்தின் நிறம் சான்றாகாது. அதே கருத்தை மஹூரின் வண்ணம் தீட்டிய ஓவியமாக வரைந்திருந்தால் யாரும் ஏமாந்திருக்கமாட்டார்கள். போலீஸ் படத்தின் மெய்யுருவை வைத்துக்கொண்டே அதன் ஒளியை மாற்றியமைதான் குற்றம்.

வெளுக்கும் கை

கறுப்பாக்குவோர் சிலரென்றால் வெளுப்பாக்குவோர் பலர். இங்கே நெருக்குவது பத்திரிகைப் போட்டியன்று, கல்யாணச் சந்தை. வரன் தேடி அனுப்பும் படத்தில் பெண்ணை இரண்டு படி வெளுக்கச் செய்யும்படி கேட்பது பெற்றோரே. கேட்காமலே செய்து கொடுப்பவன் கெட்டிக்காரப் படக்காரன். இந்தியர்க்குக் கல்யாணம் பேசும் "ஷாதி.காம்" என்னும் இணையத் தரகு நிலையத்தில், தோல் நிறத்தைக் கொண்டு வரனைத் தேடும் வசதியே இருந்தது. 2020-இல் பெண்கள் சிலர் எதிர்த்த பின்னரே அது நீக்கப்பட்டது. பெண்ணை நிறத்தால் சல்லடையிடும் சமூகத்தில், பொய்ப்படம் கேட்கும் தாயை மட்டும் குறை கூறிப் பயன் என்ன? ஆயினும் அப்படத்தால் துன்புறுகிறவள் அப்பெண்ணே. நேரில் வந்தோர் முகம் சுளிப்பதை அவளன்றோ பார்க்க வேண்டும்!

இத்திரிப்பைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. ஒளி மிகுந்ததால் முகம் வெளுத்திருந்தால், வெள்ளைச் சட்டையும் கண்ணின் வெண்மையும் பின்சுவரும் கூடவே வெளுத்திருக்கும். அவை மாறாமல் தோல் மட்டும் வெளுத்திருந்தால் அது கைவேலை. முகத்தோடு கழுத்தையும் காதையும் புறங்கையையும் ஒப்பிட வேண்டும். அவசரக்காரன் அவற்றை மறந்துவிடுவான். மூக்கின் கீழும் தாடையின் கீழும் விழவேண்டிய நிழல் இல்லையென்றாலும், நெற்றியும் கூந்தலும் கூடும் இடத்தில் சாம்பல் கோடு தெரிந்தாலும் ஐயம் கொள்ளலாம்.

ஆனால் இச்சோதனைக்கும் எல்லை உண்டு. 2015-இல் "இன்ஸ்டைல்" பத்திரிகையின் அட்டையில் நடிகை கெர்ரி வாஷிங்டன் வெளுத்துத் தோன்றியபோது வாசகர் குறை கூறினர். தோலை யாரும் வெளுக்கச் செய்யவில்லை; விளக்கொளியே காரணமாயிருக்கலாம் என்று பத்திரிகை பதிலளித்தது. பலமான விளக்கு கருநிறத்தை வெளுத்துக் காட்டும் என்பது மெய்யே. ஆகவே அச்சான படத்தை மட்டும் வைத்து வழக்குத் தீர்க்க முடியாது. காமிரா முதலிற் பதிந்த மூலப்பதிவே தீர்ப்புச் சொல்லும். இதனாலேயே அஸோசியேட்டட் பிரஸ் என்னும் செய்தி நிறுவனம், சிறு ஒளித் திருத்தங்களை அனுமதித்து, மூலக் காட்சியைப் பெரிதும் மாற்றும் ஒளி, நிற மாற்றங்களைத் தன் படக்காரருக்கு விலக்கியிருக்கிறது.

நாமும் அம்முறையையே கைக்கொள்ளலாம். படக்கடையில் மாற்றிய படத்தை வாங்கும்போது மாற்றாத மூலத்தையும் கேட்டு வாங்க வேண்டும். இரண்டையும் பகல் வெளிச்சத்தில் அந்தப் பெண்ணின் முகத்தருகே பிடித்துப் பார்க்க வேண்டும். எது அவளைப் போலிருக்கிறதோ, அதுவே கல்யாணத் தரகர் கைக்குப் போகவேண்டிய படம்.