பணிப்பிரிப்பு முரண் (சிறுதொழில்)

பணிப்பிரிப்பு முரண் என்பது ஒப்புதல், பணக் கையாளுகை, கணக்குப் பதிவு, சரிபார்ப்பு ஆகியவற்றில் ஒருவரிடம் சேரக்கூடாத வேலைகள் ஒருவரிடமே சேர்ந்திருக்கும் நிலை. ஒரே கணக்கர் உள்ள கடையில் வேலையைப் பிரிக்க ஆளில்லை. அதனால் எழும் ஆபத்தைக் குறைப்பவை ஈடுசெய் கட்டுப்பாடுகள்.

வசூலும் வரவுப் பதிவும் இணைவதே இதில் மிக ஆபத்தானது. மொத்த வியாபாரக் கடையொன்றில் ஒரு வாடிக்கையாளர் ரொக்கமாகத் தந்த 20,000 ரூபாயைக் கணக்கர் எடுத்துக்கொள்கிறார் எனக் கொள்வோம். அடுத்த வாரம் வேறொருவர் தரும் 25,000 ரூபாயில் 20,000 முதலாமவர் பேரேட்டில் வரவாகிறது; தந்தவருக்கு 5,000 மட்டுமே ஏறுகிறது. மூன்றாமவர் பணம் அந்தக் குறையை மூடும். பெட்டிப் பணம் கணக்கோடு பொருந்துவதால், ரொக்கத்தை எண்ணி இதைக் கண்டுபிடிக்க முடியாது. ரசீதுத் தேதிக்குப் பிந்திய வரவும், விடுப்பே எடுக்காத கணக்கரும் அறிகுறிகள்.

உரிமையாளர் மாதந்தோறும் நிலுவைப் பட்டியலில் சிலரைத் தாமே தேர்ந்து, தாமே அழைத்துப் பாக்கியை உறுதிசெய்வது நேரான கட்டுப்பாடு. தேர்வைக் கணக்கரிடம் விட்டால் அது வெறும் சடங்கு. கட்டாய விடுப்பில் பிறர் வரவு வைக்கும்போதும் சங்கிலி அறும். வாடிக்கையாளரும் கூட்டானால் இவை பலிக்கா.

இன்னொரு ஈடுசெய் கட்டுப்பாடான, கணக்கு மென்பொருளில் திருத்தத் தடம் பதிவாவது இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்குக் கட்டாயம். தனிநபர் கடைகளுக்கு அவ்விதி இல்லை.