வசந்தவல்லியும் வெண்ணிலாவும்

சுரண்டையில் மாலை நேரத்தில் மேற்கு நோக்கி நின்றால், வயல்களுக்கும் பனைகளுக்கும் அப்பால் மலைத்தொடர் நீலமாகத் தெரியும். அதன் ஒரு பகுதிதான் மூன்று சிகரங்களை உடைமையால் திரிகூடம் எனப் பெயர் பெற்ற குற்றாலமலை. அம்மலையடியில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள மேலகரம் என்னும் ஊரில் பிறந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியைப் பற்றி, அதிலும் அதன் ஒரே ஒரு காட்சியைப் பற்றி, மாணவ மாணவியராகிய உங்களோடு பேச விரும்புகிறேன். அக்காட்சியில் நான் ஒரு காலத்தில் செய்த பிழையும் கலந்திருக்கிறது.

கதை மிக எளியது. குற்றாலநாதர் திருவுலா வருகிறார். தோழியரோடு பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் காண்கிறாள். கண்டவுடன் காதல் கொள்கிறாள். உலா கடந்து போய்விடுகிறது. அவள் மட்டும் நோயுற்றவள்போல் நின்றுவிடுகிறாள். இரவில் நிலவைப் பழிக்கிறாள், மன்மதனைப் பழிக்கிறாள், தோழியைத் தூது விடுகிறாள். கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் வரைந்து, முனைகள் கூடினால் தலைவர் வருவார் என்று கூடலிழைத்தும் பார்க்கிறாள். அந்த வேளையில் கூடையும் கோலுமாகக் குறத்தி வந்து, கை பார்த்துக் குறி சொல்கிறாள்.

நான் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற தொடக்க ஆண்டுகளில், பள்ளி ஆண்டு விழாவுக்காக மாணவியர் இதனை நாட்டிய நாடகமாகப் பயின்றார்கள். ஒத்திகையைப் பார்த்த நான், "பந்தாட்டம் இருக்கட்டும், குறத்தி மலைவளம் கூறுவதும் இருக்கட்டும், நிலவைப் பழிக்கும் காட்சி மட்டும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம்" என்று நீக்கிவிட்டேன். நாட்டிய ஆசிரியை ஒன்றும் கூறவில்லை. விழாவும் கைதட்டலோடு முடிந்தது. ஆனால் முன்வரிசையில் அமர்ந்திருந்த முதிய நாகசுர வித்துவான் ஒருவர் எழுந்து என்னிடம் வந்து, "நோயே இல்லாத வீட்டுக்கு வைத்தியச்சி எதுக்கு வந்தா, சார்வாள்?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. ஏக்கத்தை எடுத்துவிட்டால் குறத்தி வருவதற்குக் காரணமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் அவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்றேன். அடுத்த ஆண்டு அக்காட்சி மீண்டும் இடம் பெற்றது. இடையில் அவரிடமும் நாட்டிய ஆசிரியையிடமும் நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கே கூறுகிறேன்.

முதலில் மனநிலையைக் காண்போம். காதல் துயரத்தில் இருப்பவள் தன் துயரத்தைப் பற்றி நேரே பேசினால் அது செய்தியாகும், கலையாகாது. அவள் வேறொன்றிடம் பேச வேண்டும். நம் அகப்பொருள் நூலோர் இதனை நன்கு அறிந்திருந்தார்கள். மறுமொழி கூற மாட்டாத நிலவிடமும் கடலிடமும் பறவைகளிடமும் தலைவி பேசுவதற்கு, 'காமம் மிக்க கழிபடர் கிளவி' என்று ஒரு துறையே வகுத்தார்கள். வசந்தவல்லி நிலவிடம் பேசுவது அந்தப் பழைய துறையின் தொடர்ச்சியே ஆகும்.

நிலவு குளிர்ச்சியானது என்பது உலகறிந்த உண்மை. அவளுக்கோ அது சுடுகிறது. நிலவு மாறவில்லை, அவள் மாறியிருக்கிறாள். இந்த ஒரு முரண்பாட்டிலிருந்தே பல சிறு உணர்ச்சிகள் பிறக்கின்றன. குளிர்ந்த பொருள் சுடுகிறதே என்ற வியப்பு முதலில் வருகிறது. பிறகு சினம் எழுகிறது. சினம் பயன்படாதபோது கெஞ்சல், கெஞ்சியதை எண்ணி நாணம், இறுதியில் சோர்வு. நாட்டிய நூலோர் காதலை நிலைத்த உணர்ச்சி என்றும், இவ்வாறு வந்து வந்து மறைவனவற்றைச் சஞ்சாரி பாவம் என்றும் கூறுவர். கடலில் அலைகள் எழுந்து மறைந்தாலும் நீர் ஒன்றே அல்லவா? அதுபோலச் சினந்தாலும் நாணினாலும் அடியில் ஓடுவது காதல் ஒன்றே.

இனி, கை இதனை எவ்வாறு காட்டுகிறது என்பதைக் காண்போம். நந்திகேசுவரர் இயற்றியதாக வழங்கும் அபிநய தர்ப்பணம் என்னும் வடமொழி நூல், ஒவ்வொரு முத்திரைக்கும் எந்தெந்தப் பொருள்கள் உரியன என்று வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் அலபத்மம் என்பது ஐந்து விரல்களையும் மலர்ந்த தாமரைபோல விரித்துச் சுழற்றிப் பிடிப்பது. மலர்ந்த தாமரைக்கும், முழு நிலவுக்கும், அழகுக்கும் உரியது அதுவே. பிரிவுத் துயருக்கும் உரியது அதுவேதான்! கத்தரிக்கோலின் அலகுகள்போல இரு விரல்களை அகற்றிப் பிடிக்கும் கர்த்தரீமுகத்துக்கோ, ஆணும் பெண்ணும் பிரிந்திருத்தல் ஒரு பொருள். மின்னல் மற்றொரு பொருள்.

"ஒரே கை நிலவையும் காட்டும், பிரிவையும் காட்டும் என்றால், பார்ப்பவர்களுக்கு எப்படி விளங்கும்?" என்று ஆசிரியையைக் கேட்டேன். அவர் விளக்கம் கூறவில்லை, செய்து காட்டினார். அலபத்மக் கையைத் தலைக்கு மேல் வலப்புறம் உயர்த்தினார். கண்கள் அதனைப் பின்தொடர்ந்து மலர்ந்தன. அது நிலவு. பிறகு அதே கையை மெல்ல இறக்கி மார்பருகே கொண்டுவந்தார். கண்கள் கையோடு இறங்கின. ஆனால் கையில் நிற்காமல் அதனையும் தாண்டி வெறுமையில் பதிந்தன. அது பிரிவு. வானத்து நிலவே நெஞ்சினுள் இறங்கி நோயானதை, ஒரு சொல்லும் இன்றி, கை இறங்கிய அந்தச் சிறிது நேரத்தில் கண்டேன். கை போகும் வழியில் கண் போக வேண்டும், கண் போகும் வழியில் மனம் போக வேண்டும் என்று அந்நூல் விதிப்பதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது.

பயிலும் மாணவியர் இங்கே வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு. துயரம் என்றவுடன் புருவத்தைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கி, தொடக்கத்திலிருந்தே அழத் தொடங்கிவிடுவார்கள். முதல் அடியிலேயே அழுதுவிட்டால் அடுத்த அடியில் செய்வதற்கு என்ன இருக்கிறது? வியப்பும் சினமும் நாணமும் வந்து போக இடமில்லாமல் போகிறது. ஆசிரியை ஒரு சோதனை வைத்திருந்தார். பாட்டை நிறுத்திவிட்டு அபிநயத்தை மட்டும் ஆடச் சொல்வார். பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற பிள்ளைகள், "இப்போது கோபம், இப்போது கெஞ்சல்" என்று கூற வேண்டும். "எல்லாம் அழுகைதான் டீச்சர்" என்று அவர்கள் கூறிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆட வேண்டும்.

மூன்றாவது, இசை. வித்துவான் திண்ணையில் அமர்ந்து வராளி இராகத்தைப் பாடிக் காட்டினார். அதில் ரிஷபமும் காந்தாரமும் மிகத் தாழ்ந்து, ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும். அங்கிருந்து மத்திமத்துக்குப் பெரியதொரு தாவல். அந்த மத்திமமும் நன்கு உயர்ந்து பஞ்சமத்தின் அருகிலேயே நிற்பது. பஞ்சமம் அசையாத சுரம், செவிக்கு ஓர் இளைப்பாறும் இடம். மத்திமத்தில் குரல் நீண்டு நிற்கும்போது, "இதோ, பஞ்சமத்தைத் தொடப் போகிறது" என்று செவி காத்திருக்கிறது. பாடுபவரோ தொடாமல் கீழே இறங்கிவிடுகிறார். "எட்டுற தூரத்துல இருக்கு, எட்டலை. அவ்வளவுதான் விஷயம்" என்றார் வித்துவான். வசந்தவல்லியின் முன்னே உலா வந்து கடந்து போனதும் அத்தகையதே அன்றோ?

இதனால் வராளி என்றாலே துயரம் என்று நீங்கள் முடிவு செய்துவிடக் கூடாது. தியாகராசரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளுள் ஒன்றாகிய 'கனகன ருசிரா' வராளியில் அமைந்ததே. அதுவோ இறைவனின் அழகைக் கண்டு கண்டு மகிழும் பாட்டு. இராகம் ஒரு சாய்வைத் தருகிறது. ஏக்கமாக ஆக்குவது காலமும் சொல்லும். காலத்தை விளம்பமாக்கினால் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருப்பதுதானே ஏக்கம்! அதே இசையை இரு மடங்கு விரைவாகப் பாடிக் காட்டினார் வித்துவான். சோகம் மறைந்து துள்ளல் வந்துவிட்டது.

சொல் செய்யும் வேலை இன்னும் நுட்பமானது. கவிராயர் அப்பாட்டில் நிலவை விளிக்கும் சொல்லையே திரும்பத் திரும்ப அடியின் இறுதியில் வைத்திருக்கிறார். படிக்கும்போது இது சலிப்பாகத் தோன்றலாம். பாடும்போதுதான் அதன் பயன் தெரியும். ஒவ்வொரு முறையும் அச்சொல்லைப் பாடுபவர் வேறு சங்கதியில் பாடுகிறார். ஆடுபவர் வேறு முகத்தோடு அழைக்கிறார். முதல் அழைப்பு வியப்பு, அடுத்தது அதட்டல், அதற்கடுத்தது மன்றாட்டு. சொல் மாறாமல் நிற்பதனால்தான் உணர்ச்சி மாறுவது நமக்குத் தெரிகிறது.

கவிராயர் இதே ஏக்கத்தை நூலின் பிற்பகுதியில் இன்னொரு விதமாகவும் காட்டுகிறார். குறி சொல்லிப் பரிசு பெற்ற சிங்கியைத் தேடிக்கொண்டு அவள் கணவன் சிங்கன் வருகிறான். பறவை பிடிக்க வந்தவன் தன் தொழிலையும் மறந்து அவளைத் தேடி அலைகிறான். அதுவும் பிரிவுதான். ஆனால் அங்கே மெல்லிய அபிநயம் இல்லை. துள்ளலும் நகைச்சுவையும் இருக்கின்றன. சிங்கியைக் கண்டதும் அவள் அணிந்திருக்கும் புதிய நகைகளைப் பற்றி வினாவும் விடையுமாகப் பாட்டு ஓடுகிறது. உயர்குலப் பெண்ணின் ஏக்கம் நிறைவேறுவதை நாம் குறியாகக் கேட்கிறோம்; குறவனின் ஏக்கம் நிறைவேறுவதைக் கண்ணாலேயே பார்க்கிறோம். இரண்டையும் ஒரே நூலில் வைத்தது கவிராயரின் பெருமை.

இத்தகைய காதற் பாடல்களை நெடுங்காலம் காத்து வந்தவர்கள் கோயில் நடனப் பெண்களும் நட்டுவனார்களும் ஆவர். 1947ஆம் ஆண்டு, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்தில் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. அதற்கு முன்பிருந்தே, சிருங்காரத்தை மேடையில் எவ்வளவு காட்டலாம் என்ற வாதம் நிகழ்ந்துகொண்டிருந்தது. ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தின் முதல் நாட்டிய நாடகமாக 1944இல் மேடையேற்றியது நம் குற்றாலக் குறவஞ்சியைத்தான். இறைவன்மீது கொண்ட காதலாதலால் அது அவருக்கு ஏற்புடையதாயிருந்தது. மரபு வழி வந்த பாலசரசுவதி அம்மையாரோ, 1975இல் தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில், சிருங்காரமே நாட்டியத்தின் தலையாய சுவை என்றும், அதனைத் தூய்மை செய்யத் தேவையில்லை என்றும் வாதிட்டார். இருவரும் பெரியோர். யார் கூறியது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுடையவன் அல்லன். ஆனால் ஒத்திகையை அரைகுறையாகப் பார்த்துவிட்டு ஒரு காட்சியை அடித்துவிட்ட என் செயல், அவ்விருவர் கருத்திலும் அடங்காது என்பதை மட்டும் அறிவேன்.

காட்சியைச் சேர்த்து நடத்திய ஆண்டில், நிலவின் அலபத்மம் அந்தச் சிறுமியின் மார்பருகே இறங்கியபோது அரங்கில் ஒரு பேச்சொலியும் இல்லை. பிறகு குறத்தி உள்ளே நுழைந்தாள். முன்வரிசையில் இருந்த வித்துவான் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். வைத்தியச்சி எதற்கு வந்தாள் என்று அந்த ஆண்டு யாரும் கேட்கவில்லை.