‘பூனைக் குட்டி தாவுது...’ ஏஐ-யில் குழந்தைகள் கார்ட்டூன் பாட்டு துள்ளலாக வர ப்ராம்ப்ட் எழுதுவது எப்படி?

யூடியூபில் குழந்தைகளுக்கான கார்ட்டூன் சேனல் தொடங்குபவர்கள் பலரும் இப்போது பாட்டுக்கு சுனோ போன்ற ஏஐ செயலிகளைத்தான் திறக்கிறார்கள். திறந்ததும் எழுதுவது பெரும்பாலும் ஒரே வரிதான்: ஜாலியான, வேகமான, குழந்தைகள் பாட்டு வேண்டும். பாட்டும் வந்துவிடும். ஆனால் கேட்டால் ஏதோ ஜிம்மில் ஓடும் டான்ஸ் மியூசிக் மாதிரி இருக்கும், அல்லது விளம்பரத்துக்குப் பின்னால் ஒலிக்கும் இசை மாதிரி இருக்கும். குழந்தை குதிக்காது.

காரணம், ‘ஜாலி’ என்பது இசையில் ஒரு கட்டளையே இல்லை. துள்ளல் எதனால் வருகிறது என்று தெரிந்து, அதை எழுதினால்தான் அது கிடைக்கும்.

வேகம் வேறு, துள்ளல் வேறு

இசையின் வேகத்தை பிபிஎம் என்று சொல்வார்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கு. 120 பிபிஎம் என்றால் நொடிக்கு 2 தட்டு. ஒரு தட்டுக்கு 2 அசை பாடினால், நொடிக்கு 4 அசை. சின்னப் பிள்ளைகளும் கூடவே பாடிவிடலாம். துள்ளல் போதவில்லை என்று இதை 160-க்கு ஏற்றினால் நொடிக்கு 5-க்கு மேல் அசை வரும். நாக்கு சுற்றிக்கொள்ளும், துள்ளல் மட்டும் வராது.

துள்ளல் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, ‘ஸ்விங்’. ஒரு தட்டுக்குள் வரும் இரண்டு அசைகளைச் சம அளவில் பிரிக்காமல், முதலாவதை நீட்டி இரண்டாவதைக் குறுக்குவது. ‘தகிட தகிட’ என்று கை தட்டிச் சொல்லிப் பாருங்கள். அதில் ‘தகி’யை ஒரே ஒலியாகச் சேர்த்து, ‘ட’வை மட்டும் தனியாக விட்டால் ‘தா-ட, தா-ட’ என்று வரும். நொண்டியடித்து ஓடும் குழந்தையின் காலடி இதுதான்.

இன்னொன்று, பேஸும் மேளமும் மாறி மாறி விழும் ‘பூம்-சக், பூம்-சக்’. 1, 3-ஆம் தட்டுகளில் கனமான ஒலி, 2, 4-ஆம் தட்டுகளில் வெட்டி விட்ட மாதிரி சின்ன ஒலி. ஆங்கிலத்தில் இதற்கு `oom-pah` என்று பெயர். பழைய சர்க்கஸ் பேண்டுகளில் கேட்டது ஞாபகம் வரலாம். நான்கு தட்டுகளிலும் ஒரே மாதிரி பேஸ் டிரம் அடித்தால் அது டான்ஸ் கிளப் தாளம் ஆகிவிடும். ‘எனர்ஜியான பாட்டு’ என்று எழுதும்போது பெரும்பாலும் வந்து நிற்பது இந்தத் தாளம்தான்.

கருவி நான்கு போதும்

இடைவெளி இருந்தால்தான் பந்து எழும்பும். அதனால் தட்டியதும் ஒலி தேயத் தொடங்கும் கருவிகளையே கேட்க வேண்டும். யுகுலேலே, வயலினை வில்லால் இழுக்காமல் விரலால் மீட்டும் `pizzicato`, உலோகத் தகடுகளைச் சுத்தியால் தட்டும் குளோக்கன்ஸ்பீல், மரக்கட்டை ஒலி தரும் உட்பிளாக் எல்லாம் இந்த வகை. நீண்டு படரும் சிந்தசைஸர் ஒலி உள்ளே நுழைந்தால் இடைவெளி முழுவதையும் அது நிரப்பிவிடும். பாட்டு மெத்தையில் விழுந்த பந்து மாதிரி ஆகிவிடும்.

எந்தக் கருவி எங்கே வரவேண்டும் என்பதையும் சொல்வது நல்லது. குளோக்கன்ஸ்பீல் மிக உயர்ந்த சுருதியில் ஒலிப்பதால் பாடும் குரலோடு மோதாது. வரி முடியும் இடத்தில் அது பதில் சொல்லலாம். காஸு அப்படி இல்லை. அதற்குள் ஹம் பண்ணினால்தான் அது ஒலிக்கும், எனவே குரல் இருக்கும் அதே உயரத்தில் நின்று சொற்களை மறைத்துவிடும். பாட்டு நிற்கும் இடத்தில் தனியாக வந்தால்தான் காஸு சிரிப்பு மூட்டும்.

மொபைலில் கேட்பவர்களுக்காக இன்னொரு விஷயம். ‘பூம்’ என்ற கனத்த ஒலிக்கு டியூபா அழகாக இருக்கும். ஆனால் போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் சரியாகக் கேட்காது. ஹெட்போனில் துள்ளும் பாட்டு, அம்மாவின் போனில் ‘சக்... சக்...’ என்று பாதியாக ஒலிக்கும். அதே தட்டில் உட்பிளாக்கையும் சேர்த்துவிட்டால் அந்தத் தட்டு போனிலும் காணாமல் போகாது.

ஒரு பாட்டை எழுதிப் பார்ப்போம்

பால் பானை மீது ஏறும் பூனைக்குட்டி பற்றி ஒரு நிமிட கார்ட்டூன் என்று வைத்துக்கொள்வோம். சுனோவில் வரிகளை நாமே எழுதும் பகுதிக்குப் போனால் வரிகளுக்கு ஒரு பெட்டி, இசை பாணிக்கு ஒரு பெட்டி, வேண்டாதவற்றைச் சொல்ல `Exclude styles` என்று ஒரு பெட்டி இருக்கும். பாணிப் பெட்டியில் இப்படி எழுதலாம். இசைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பதே இங்கே வசதி.

```
children's cartoon theme song, 120 BPM, swing feel,
oom-pah: tuba and woodblock on beats 1 and 3,
ukulele chops on beats 2 and 4, pizzicato strings,
glockenspiel answers the vocal at line ends,
short kazoo break, major key, clear female vocal,
call and response with kids, sung in Tamil
```

வேண்டாதவற்றுக்கான பெட்டியில்:

```
EDM, trap, synth pad, distorted guitar, autotune
```

‘நோ டிரம்ஸ்’ என்று பாணிப் பெட்டியிலேயே எழுதுவதை விட இது நல்லது. அங்கே டிரம்ஸ் என்ற சொல்லைப் பார்த்து, அதையே சேர்த்துவிடவும் வாய்ப்பு உண்டு.

அடுத்தது வரிகள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முதலில் ‘பூனைக் குட்டி மெதுவாக நடக்குது’ என்று எழுதினால் அசை 12. அடுத்த வரி 7 அசை என்றால், முதல் வரியை நெருக்கித் தள்ளி அவசரமாகப் பாடிவிடும். ஒரு வரிக்கு 4 தட்டு, அதில் 7 அசை, கடைசியில் அரைத் தட்டு காலி என்று வைத்தால் அந்தக் காலி இடத்தில் குளோக்கன்ஸ்பீல் ‘டிங்’ என்று பதில் சொல்லும்.

இன்னொரு நுட்பமும் உண்டு, தமிழ் படித்தவர்களுக்கு உடனே பிடிபடும். ஸ்விங்கில் முதல் அசை நீளும் அல்லவா? அந்த இடத்தில் நெடிலோ, ‘குட்’, ‘எட்’ மாதிரி மெய்யில் முடியும் அசையோ இருந்தால் இயல்பாகப் பொருந்தும். குறில் இருந்தால் அதையும் நீட்டிவிடும். அணிலை வைத்துப் பாட்டு எழுதினால் ‘ஆணில்’ என்று பாடும் ஆபத்து இதனால்தான். பூனைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

```
[Intro: glockenspiel]
[Verse]
பூனைக் குட்டி தாவுது
பானை மேல ஏறுது
எட்டி எட்டிப் பாக்குது
மூடி கீழ ஓடுது
[Chorus]
தாவு தாவு (தாவு தாவு)
தாவிப் பாரு (தாவிப் பாரு)
[Kazoo break]
[Chorus]
தாவு தாவு (தாவு தாவு)
தாவிப் பாரு (தாவிப் பாரு)
[End]
```

வளைவு அடைப்புக்குள் இருப்பதைப் பெரும்பாலும் பின்னணிக் குரலாகப் பாடும். ஒரு குரல் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்லும் அமைப்பு அப்படித்தான் கிடைக்கிறது. சதுர அடைப்பில் இருப்பவை குறிப்புகள். ஆனால் அவை கட்டாய உத்தரவுகள் அல்ல. சில நேரம் காஸு வராமலே போகும், சில நேரம் ‘கோரஸ்’ என்ற சொல்லையே பாடித் தொலைக்கும்!

வந்த பாட்டைச் சோதிப்பது எப்படி?

முதலில் வேகம். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, பாட்டோடு 15 நொடி கை தட்டுங்கள். 30 தட்டு வந்தால் 120 பிபிஎம் சரி. கை தானாகவே 15 தட்டோடு நின்றுவிட்டால், எண்ணை எடுத்துக்கொண்டு பாதி வேக உணர்வில் இசையமைத்திருக்கிறது என்று அர்த்தம். பாணிப் பெட்டியில் `no slow` என்று சண்டை போடாமல், `snare on 2 and 4` என்று எழுதி மறுபடி உருவாக்கலாம்.

அடுத்து உச்சரிப்பு. இதுதான் முக்கியம். இரண்டு, மூன்று வயதுக் குழந்தை பாட்டிலிருந்தும் சொற்களைப் பிடித்துக்கொள்கிறது. இரட்டிக்க வேண்டிய மெய் ஒற்றையாகிவிட்டால் ‘பூனைக் குட்டி’, ‘பூனைக் குடி’ ஆகிவிடும். பால் பானையோடு சேர்ந்தால் கதையே வேறு! ‘கீழ’ என்பதில் ‘ழ’ வருகிறதா, ‘கீல’ என்று கேட்கிறதா என்று வரிகளைப் பார்க்காமல் கேளுங்கள். வரி கண் முன்னால் இருந்தால் காது ஏமாந்துவிடும். பாட்டை அறியாத வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் போட்டுக் காட்டி, என்ன கேட்டது என்று திருப்பிச் சொல்லச் சொல்வது இன்னும் நல்லது.

தவறு வந்தால் வேறு எதையும் மாற்றாமல் இரண்டு, மூன்று முறை திரும்ப உருவாக்கிப் பார்க்கலாம். அதே சொல்லில் அதே தவறு திரும்பத் திரும்ப வந்தால் சொல்லை மாற்றிவிடுவதுதான் வழி. ‘மூடி கீழ ஓடுது’ சரிப்படவில்லை என்றால் ‘மூடி எங்கோ ஓடுது’ போதும், அதுவும் 7 அசைதான். ஒரே நேரத்தில் வேகம், கருவி, வரி மூன்றையும் மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

சுருதியும் கவனிக்க வேண்டியதுதான். குழந்தைகள் வசதியாகப் பாடுவது கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயிக்குள். கோரஸ் அதைத் தாண்டி மேலே போனால் பிள்ளைகள் கேட்பார்கள், பாடமாட்டார்கள். சுருதியைப் பாணிப் பெட்டியில் எழுதினாலும் அப்படியே வரும் என்று நம்ப முடியாது. வீட்டுக் குழந்தையைக் கூடப் பாடச் சொல்லிப் பார்த்து, எட்டவில்லை என்றால் அந்தப் பதிப்பை விட்டுவிடலாம்.

சேனலில் போடலாமா?

சுனோவின் இலவசக் கணக்கில் உருவாக்கிய பாட்டை வணிக நோக்கில் பயன்படுத்த அனுமதி இல்லை. விளம்பர வருமானம் வரும் சேனல் என்றால், கட்டணக் கணக்கு இருக்கும்போது உருவாக்கிய பாட்டாக இருக்க வேண்டும். முதலில் இலவசமாக உருவாக்கிவிட்டு, பிறகு பணம் கட்டினால் பழைய பாட்டுக்கும் உரிமை தானாக வந்துவிடாது. பாடகர், இசையமைப்பாளர் பெயரைப் போட்டு ‘அவர் பாணியில்’ என்று கேட்பதையும் சுனோ ஏற்பதில்லை.

காப்புரிமை வேறு கதை. ப்ராம்ப்ட் மட்டும் எழுதி ஏஐ-யிடமிருந்து பெற்ற படைப்புக்குக் காப்புரிமை கிடைக்காது என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் கூறியிருக்கிறது. மனிதர் எழுதிய பகுதிக்கு அது பொருந்தாது. அதனால் பாட்டு வரிகளைச் சொந்தமாக எழுதுபவர்கள், எழுதிய தேதியோடு அந்தக் கையெழுத்துப் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.