நம்பிக்கை இடைவெளி

பேச்சுத் தமிழில் ‘இடைவெளி’ என்றால் இரண்டுக்கு நடுவே உள்ள வெற்றிடம். புள்ளியியலில் அது நிரம்பிய எல்லை: உண்மை மதிப்பு இருக்கக்கூடிய, கீழ் எண் முதல் மேல் எண் வரையிலான பரப்பு. போலந்துப் புள்ளியியலாளர் யெர்சி நெய்மன் 1934இல் லண்டன் அரச புள்ளியியல் கழகத்தில் முன்வைத்த கட்டுரை வழியே ‘நம்பிக்கை இடைவெளி’ என்பதற்கான சொல் ஆங்கிலத்தில் நிலைபெற்றது.

வத்தேகமவில் தேயிலைப் பொதிகளை இணையத்தில் விற்கும் ஒரு கடையின் சந்தைப்படுத்தல் மேலாளரிடம் சோதனை அறிக்கை வருகிறது என்று கொள்வோம். பழைய பக்கத்தைப் பார்த்த 4000 பேரில் 160 பேர் வாங்கினார்கள். புதியதைப் பார்த்த 4000 பேரில் 192 பேர். அதாவது 4 சதவீதமும் 4.8 சதவீதமும். அறிக்கை இதை ‘20 சதவீத உயர்வு’ என்று தடித்த எழுத்தில் போடும். அது பழையதோடு ஒப்பிட்ட உயர்வு. நேர் வித்தியாசம் 0.8 சதவீதப் புள்ளிதான்.

அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ −0.1 முதல் 1.7 வரை. சுழியம் உள்ளே இருக்கிறது. ஆகவே புதிய பக்கத்தால் பயனே இல்லாமலும் இருக்கலாம். ‘புதியது வெல்ல 95 சதவீத வாய்ப்பு’ என்று இதைப் படிப்பது பெரும் பிழை. நம்பிக்கை கணக்கிடும் முறைமீதுதான்: இதே சோதனையைப் பலமுறை நடத்தினால், கிடைக்கும் இடைவெளிகளில் நூற்றுக்கு 95 உண்மை மதிப்பை உள்ளடக்கும்.

இடைவெளியின் அகலம் பாதியாக வேண்டுமானால் பார்வையாளர்கள் நான்கு மடங்காக வேண்டும். எத்தனை பேர் வரை என்பதைத் தொடங்கும் முன்பே முடிவுசெய்யுங்கள். எண் நல்லதாகத் தெரிந்த நாளில் சோதனையை நிறுத்தாதீர்கள்.