ஷெர்லி அட்டை

வண்ணப்பட அச்சுக்கூடங்களில் நிறச் சமநிலையைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரிப் படம். அதில் முதலில் இடம்பெற்ற ஷெர்லி என்ற வெள்ளையினப் பெண்ணால் இப்பெயர் வந்தது. அவரது தோல் இயல்பாகத் தெரியும்வரை அச்சு இயந்திரத்தைத் திருத்துவார்கள். அதுவே எல்லோருக்கும் அளவுகோலாயிற்று. வெள்ளை, கறுப்பு மாணவர்கள் சேர்ந்து நின்ற வகுப்புப் படங்களில் கறுப்புப் பிள்ளைகளின் கண்ணும் பல்லும் மட்டுமே துலங்கின. முகவடிவம் இருட்டில் கரைந்தது. இதைச் சரிசெய்வது வேதியியலால் முடியாததல்ல: மரச்சாமான், சாக்லேட் நிறுவனங்கள் குறைகூறியபின் படச்சுருளில் பழுப்பு நிறங்கள் தெளிந்தன. மனிதர்களின் முறையீட்டுக்கு முன்பே பொருள்களின் முறையீடு எடுபட்டது வருத்தத்துக்குரியது. 1990களில் பல இனப் பெண்கள் இடம்பெற்ற அட்டை வந்தது.

டிஜிட்டல் கேமராக்களிலும் தானியங்கி ஒளியளவும் வெண்சமநிலையும் வெளிர்தோல் படங்களைக் கொண்டே பெரிதும் பழக்கப்பட்டன. 2022இல் கூகுள் வெளியிட்ட மாங்க் அளவுகோல் 10 தோல்நிறங்களைச் சோதனைக்குத் தருகிறது. மங்கிய வெளிச்சத்தில் இரைச்சல் நீக்கும் மென்பொருள் கருந்தோலின் நுண்விவரத்தை இன்னும் வழித்துவிடுவதுண்டு.