‘விலக்க இயலாது’ என்னும் தொடரின் வரலாறு

ஊடுகதிர் அறிக்கையின் இறுதியில் ‘இம்ப்ரெஷன்’ என்னும் தலைப்பில் இரண்டு மூன்று வரிகள் இருக்கும். மேலே உள்ள பகுதி படத்தில் கண்டதைச் சொல்கிறது. இவ்வரிகள் கண்டதற்கு என்ன பொருள் என்பதைச் சொல்கின்றன. பெரும்பாலான நோயாளிகளும், நேரமில்லாத பல மருத்துவர்களும் வாசிப்பது இதை மட்டுமே. ‘புற்றுநோயை விலக்க இயலாது’ என்ற தொடர் அங்கே இடம்பெறும்போது, அது உண்மையில் எதைச் சொல்கிறது என்ற கேள்வி எழுகிறது.

இத்தொடரில் இரண்டு மறுப்புகள் உள்ளன. ‘விலக்குதல்’ ஒரு மறுப்பு. ‘இயலாது’ அம்மறுப்பின் மறுப்பு. ஏரணப்படி இது நோய் இருப்பதாகக் கூறவில்லை. இந்தப் படத்தைக் கொண்டு இல்லை எனத் தீர்க்க முடியவில்லை என்று மட்டுமே கூறுகிறது. யாரால் இயலாது, எந்தச் சோதனையால் இயலும் என்பவை விடுபட்டுவிடுகின்றன. நூற்றில் ஒரு பங்கு ஐயமும் நூற்றில் ஐம்பது பங்கு ஐயமும் ஒரே சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு கூற்றின் உறுதியைத் தளர்த்தும் இத்தகைய சொற்களை ஜார்ஜ் லேகாஃப் 1972இல் ‘ஹெட்ஜ்’ என்ற பெயரில் ஆராய்ந்தார்.

மருத்துவர்கள் இச்சிக்கலை அதற்கு வெகுகாலம் முன்பே உணர்ந்திருந்தனர். ரான்ட்ஜென் புதிய கதிர்களைக் கண்டறிந்தது 1895இல். 27 ஆண்டுகள் கழித்து, 1922இல், டெட்ராய்ட் நகரில் பணியாற்றியவரான பிரெஸ்டன் ஹிக்கி ஊடுகதிர் அறிக்கைகளைத் தரப்படுத்த வேண்டும் என்று கட்டுரை எழுதினார். எனினும் அறிக்கையின் மொழி நீண்டகாலம் எழுதுபவரின் வழக்கத்தையே சார்ந்திருந்தது.

மாற்றம் வந்தது மார்பக ஊடுகதிர்ப் படமான மேமோகிராமில். நோய் அறிகுறியே இல்லாத பெண்களைப் பெருந்திரளாகப் பரிசோதித்தபோது, தளர்சொல் ஒவ்வொன்றும் ஒரு பெண்ணைத் தேவையற்ற ஊசிக்கோ தேவையான சிகிச்சையின் தாமதத்துக்கோ இட்டுச்செல்லக்கூடியதாயிற்று. 1991இல் எட்வர்ட் சிக்கிள்ஸ், ‘பெரும்பாலும் தீங்கற்றவை’ எனக் கருதப்பட்ட 3,184 நிகழ்வுகளைத் தொடர்ந்து கண்காணித்த முடிவுகளை வெளியிட்டார். அவற்றுள் 17 மட்டுமே புற்றுநோயாக முடிந்தன, அதாவது 0.5 விழுக்காடு. ‘விலக்க இயலாது’ என்ற மூட்டத்தின் ஒரு பகுதிக்கு இவ்வாறு ஓர் அளவு கிடைத்தது.

1993இல் அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி ‘பை-ராட்ஸ்’ என்னும் அறிக்கை முறையை வெளியிட்டது. ஒவ்வொரு அறிக்கையும் ஓர் எண் வகையில் முடிய வேண்டும். ஒவ்வொரு வகையோடும் ஒரு செயல் பிணைக்கப்பட்டிருக்கும். மூன்றாம் வகையில் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. பயாப்சி வேண்டாம், ஆறு மாதத்தில் மறுபடம் போதும். ஐந்தாம் வகையில் வாய்ப்பு 95 விழுக்காடு அல்லது அதற்கு மேல். இடையிலுள்ள நான்காம் வகை மிக அகன்றது. எனவே 2003இல் அது மூன்றாகப் பிரிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு அப்பிரிவுகளுக்கு எண் வரம்புகளையும் தந்தது.

வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். 46 வயதுப் பெண்ணின் முதல் மேமோகிராமில் 8 மில்லிமீட்டர் அளவுள்ள, தெளிந்த விளிம்புடைய, உருண்டையான கட்டி ஒன்று தெரிகிறது. கூடுதல் படங்களும் அல்ட்ராசவுண்டும் எடுத்த பின்னும் அதே தோற்றம். பழைய பாணியின் முடிவுரை: ‘ஃபைப்ரோஅடினோமாவாக இருக்கலாம், புற்றுநோயை விலக்க இயலாது, மருத்துவ நிலையுடன் பொருத்திப் பார்க்கவும்.’ ஊசி போடுவதா காத்திருப்பதா என்பதை வாசிப்பவரே ஊகிக்க வேண்டும். புதிய பாணி: ‘வகை 3; ஆறு மாதத்தில் மறுபடம்.’ கண்ட கட்டி ஒன்றே, ஐயமும் ஒன்றே. ஆனால் இப்போது ஐயத்துக்கு அளவும் அடுத்த அடியும் உண்டு.

இதனால் அத்தொடர் எங்குமே பிழை என்றாகாது. மணிக்கட்டின் ஸ்கேஃபாய்டு எலும்பில் ஏற்படும் முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். அங்கே ‘முறிவை விலக்க இயலாது’ என்பது கருவியின் எல்லையை நேர்மையாகச் சொல்வதே. பத்து முதல் பதினான்கு நாளில் மீண்டும் படம் எடுக்கவும் என்ற வரி அதைத் தொடர்ந்தால் அது பயன்தரும் கூற்று. தொடராவிட்டால் பொறுப்பு கைமாறுகிறது, அவ்வளவே.

இந்தியாவில் அறிக்கை பெரும்பாலும் மருத்துவருக்கு முன்பே நோயாளியின் கைக்கு வருகிறது. வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர் அதைத் தாய்மொழியில் பெயர்த்துச் சொல்கிறார். தமிழில் அது ‘புற்றுநோய் இல்லை என்று சொல்ல முடியாது’ என்றாகிறது. அன்றாடத் தமிழில் ‘இல்லை என்று சொல்ல முடியாது’ என்பது ‘உண்டு’ என்பதைத் தயக்கத்தோடு ஒப்புக்கொள்ளும் வழக்கு. ஏரணத்தில் தீர்ப்பளிக்காத தொடர், பேச்சு வழக்கில் தீர்ப்பாகிவிடுகிறது. ‘இந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல இயலவில்லை, அடுத்து இன்ன சோதனை வேண்டும்’ என்பதே அதற்கு நெருக்கமான பெயர்ப்பு. அந்த ‘இன்ன சோதனை’ எது என்று அறிக்கையில் இல்லையெனில், மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.