நான்கு மைக்கில் டிரம் செட்: ஒரு முறையின் வரலாறு

டிரம் செட் முழுவதையும் மூன்று அல்லது நான்கு மைக்குகளால் ஒலிப்பதிவு செய்யும் முறை ஒன்று உண்டு. தலைக்கு மேலும் பக்கத்திலும் வைக்கப்படும் இரண்டு ஓவர்ஹெட் மைக்குகள், கிக் டிரம்முக்கு ஒன்று, தேவைப்பட்டால் ஸ்நேருக்கு ஒன்று என்பது இதன் வழக்கமான அமைப்பு. இதை இங்கிலாந்து ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸின் பெயரால் அழைப்பது வழக்கம். கையேடுகள் பலவும் இதை அளவுநாடாவோடு சேர்த்தே விளக்குவதால், இரண்டு ஓவர்ஹெட்டுகளும் ஸ்நேரிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதுதான் இந்த முறையின் உயிர் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. கிடைக்கும் சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. தூரக் கணக்கு பயனுள்ள காவல்தான். ஆனால் முறை நிற்பது வாசிப்பவரின் கையில் இருக்கும் சமநிலையின் மேல்.

தொடக்க காலத்தில் டிரம்முக்கென்று தனி மைக் வைப்பதே அபூர்வம். குழு முழுவதற்கும் ஒன்றோ இரண்டோ மைக்தான். 1950களில் டிரம் செட்டுக்கு மேலே ஒரு மைக் வந்தது, பிறகு கிக் டிரம்முக்கு ஒன்று சேர்ந்தது. நான்கு டிராக் டேப்பில் டிரம்முக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரே டிராக். அதையும் சில வேளை பேஸ் கிட்டாரோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆகவே குறைந்த மைக் என்பது அன்று யாருடைய அழகியல் தேர்வும் அல்ல.

1966 ஏப்ரலில் லண்டன் இஎம்ஐ ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் குழு ‘ரிவால்வர்’ ஆல்பத்தைத் தொடங்கியபோது ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்குக்கு வயது 20. கிக் டிரம்முக்கு ஏறத்தாழ இரண்டடிக்குள் மைக்கைக் கொண்டுபோகக் கூடாது, காற்றழுத்தம் மைக்கைக் கெடுத்துவிடும் என்பது அந்த நிறுவனத்தின் விதி என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் மைக்கைத் தோலுக்கு மிக அருகில் நகர்த்தி, டிரம்முக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்தார். நான்கு பேர் ஒன்றாக அணிவதற்காக நான்கு கழுத்தோடு பின்னப்பட்ட சட்டை அது! எமெரிக்கின் நினைவுகள் எல்லாவற்றையும் உடன் பணியாற்றியவர்கள் ஏற்கவில்லை என்றாலும், அந்த ஆல்பத்தில் கிக் ஒலி முந்தையதைவிட அடர்ந்து, நெருங்கிக் கேட்கிறது என்பதில் ஐயமில்லை. கிக்குக்குத் தனிக் கவனம் என்ற பாதி இப்படி வந்தது.

மறுபாதி 1968 இலையுதிர்காலத்தில் லண்டன் பார்ன்ஸ் பகுதியிலிருந்த ஒலிம்பிக் ஸ்டுடியோவில் வந்தது. லெட் செப்பெலின் குழுவின் முதல் ஆல்பத்தை ஜான்ஸ் பதிவு செய்துகொண்டிருந்தார். அவர் பின்னாளில் சொன்ன கதைப்படி, ஃப்ளோர் டாமுக்குப் பக்கத்தில் இருந்த மைக்கை வேறொரு கருவிக்காக எடுத்துப் பயன்படுத்திவிட்டு மறுபடி இடத்தில் வைத்தார். ஆனால் மேசையில் அது ஒரு பக்கமாகத் திருப்பப்பட்டிருந்ததை மாற்ற மறந்துவிட்டார். ஃபேடரை உயர்த்தியதும் ஜான் பான்ஹாமின் டிரம் ஸ்டீரியோவில் விரிந்தது. மேலே இருந்த மைக்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒலி இன்னும் பெரிதாயிற்று. கதையின் நுணுக்கங்கள் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சற்று மாறுகின்றன. இரண்டாவது ஓவர்ஹெட் ஃப்ளோர் டாம் பக்கத்தில் தாழ்வாக நிற்பதற்கு இந்தத் தற்செயல்தான் காரணம் என்பதில் மட்டும் பெரிய முரண் இல்லை. பான்ஹாம் தோல்களைச் சற்று உயர்ந்த சுருதியில் இழுத்துக் கட்டி, துணி வைத்து அடக்காமல் முழங்க விடுபவர். எந்த டிரம் எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும் என்பதை அவர் கையும் காலும் முன்பே தீர்த்துவைத்திருந்தன. மேசையில் திருத்த வேண்டியது அதிகம் இருக்கவில்லை.

இன்று செய்யப்படும் விதம் இது. முதல் மைக், ஸ்நேருக்கு மேலே ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில், நேராகக் கீழ்நோக்கி நிற்கும். இரண்டாவது, ஃப்ளோர் டாமுக்கு அப்பால், அதன் விளிம்பைவிட ஒரு சாண் அளவு உயரத்தில், டாமின் மேலாக ஸ்நேரையும் ஹை-ஹேட்டையும் பார்க்கும். ஒரு நூலின் நுனியை ஸ்நேரின் நடுவில் அழுத்திப் பிடித்து, முதல் மைக் வரை இழுத்து அந்த இடத்தைக் கிள்ளிக்கொண்டு, அப்படியே இரண்டாவது மைக்குக்குக் கொண்டுபோனால் தூரம் சரியா என்று தெரிந்துவிடும். ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 செ.மீ. போகிறது. ஒரு மைக் 17 செ.மீ. தள்ளியிருந்தால் ஸ்நேர் அதற்கு அரை மில்லி விநாடி தாமதமாகச் சேரும். இரண்டையும் மோனோவில் கூட்டும்போது 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும்; ஸ்நேரின் சதை போய்ச் சலசலப்பு மட்டும் மிஞ்சும். ஸ்டீரியோவில் கேட்டால் ஸ்நேர் நடுவில் நிற்காமல் முந்தி வந்து சேரும் பக்கம் சாய்ந்திருக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. ஸ்நேருக்குத் தூரம் சமமானால் மற்ற டிரம்களுக்குச் சமமாக இருக்க முடியாதே? உண்மைதான். ஃப்ளோர் டாமின் ஒலி பக்கத்து மைக்கை அடைந்து ஏறத்தாழ 2 மில்லி விநாடி கழித்தே மேல் மைக்கை அடையும். ஆனால் பக்கத்து மைக்கில் அது பல மடங்கு உரக்கப் பதிவாகிறது. சம பலமில்லாத இரண்டு ஒலிகள் ஒன்றையொன்று முழுதாக அழிப்பதில்லை. ஸ்நேர் மட்டுமே இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே உரப்பில் விழுகிறது, அதனால்தான் காவல் அதற்கு மட்டும் தேவைப்படுகிறது. இரண்டு அங்குலத்தில் நிற்கும் ஸ்நேர் மைக்கும் இந்தக் கணக்குக்குள் வராது; ஓவர்ஹெட்டுகளைவிட அது 3 மில்லி விநாடி அளவு முந்திக் கேட்கும். அதைத் தாழ்வாக வைத்து, ஓவர்ஹெட்டில் குறைகிற அளவுக்கு மட்டும் சேர்ப்பதே வழக்கம். கிக் மைக்குக்குக் காதுதான் அளவுகோல். ஓவர்ஹெட்டுகள் ஒலிக்கும்போது கிக் ஃபேடரை உயர்த்த உயர்த்த அடித்தளம் மெலிந்தால், மேசையின் போலாரிட்டி பொத்தானை அழுத்திப் பார்த்து, எந்த நிலையில் கனமாகக் கேட்கிறதோ அதிலேயே விட வேண்டும். அளவுநாடாவைத் தாம் நம்பியதில்லை என்று ஜான்ஸே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நூல் பிடிக்கும் பழக்கம் பின்வந்தவர்கள் சேர்த்தது போலிருக்கிறது.

முறை நிற்பது வாசிப்பின் சமநிலையின் மேல் என்பதையே அதன் எல்லைகளும் காட்டுகின்றன. சிம்பலை ஓங்கி, டாமைத் தயங்கி அடிப்பவரிடம் தூரம் இம்மி பிசகாமல் இருந்தும் சிம்பல்தான் எல்லாவற்றையும் விழுங்கும். டாமை மட்டும் தூக்கத் தனி மைக் இல்லை. தாழ்ந்த கூரையுள்ள அறையில் மேலிருந்து திரும்பும் எதிரொலி முதல் மைக்கிலேயே கலந்து ஒலியைப் பெட்டிக்குள் அடைத்தது போலாக்கும். மறுபுறம், 1971இல் வெளியான லெட் செப்பெலினின் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாடலுக்கு, கிளினின் தம்பி ஆண்டி ஜான்ஸ் ஹெட்லி கிரேஞ்ச் மாளிகையின் கூடத்தில் டிரம்மை வைத்து, மாடிப்படியின் மேலிருந்து இரண்டே மைக்குகளைத் தொங்கவிட்டார். கிக்குக்குத் தனி மைக் இல்லை. ஆனாலும் கிக் இடித்துக்கொண்டு வருகிறது. வாசிப்பும் கூடமும் சரியாக இருந்தால் நான்கில் பாதியே போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

1970களில் 16, 24 டிராக் இயந்திரங்கள் பரவியதும் ஒவ்வொரு டிரம்முக்கும் தனி மைக் என்பது பொது வழக்கமாயிற்று. கணினி ஒலிப்பதிவு பரவிய பின், சில உள்ளீடுகளே கொண்ட சிறு இடைமுகங்களை வைத்திருப்போரிடம் பழைய முறை திரும்பியது. ஓவர்ஹெட்டுகளைக் கிக்கிலிருந்தும் ஸ்நேரிலிருந்தும் ஒரே தூரத்தில் அமைக்கும் மாற்று வடிவமும் புழக்கத்தில் உள்ளது. இந்த முறையை முதன்முதலாக முயல்பவர் நூலை எடுப்பதற்கு முன், ஒரே ஒரு மைக்கை டிரம் செட்டுக்கு மேலே வைத்துப் பதிவு செய்து கேட்கட்டும். அதில் ஸ்நேரும் டாமும் சிம்பலும் ஒத்துக் கேட்கவில்லையென்றால், இரண்டாவது மைக் அதைச் சரிசெய்யாது.